கடைசி புல்லட்டில் ஒளிஞ்சிருந்த 640 மடங்கு: ஸ்லைடுக்கு மார்க் போடுவது எப்படி?

இது எபிசோடோட எடிட் பண்ண எழுத்து வடிவம். பேச்சுல வந்த இழுவையையும் ரிப்பீட்டையும் எடுத்துட்டோம், மத்தபடி பேசினது பேசின மாதிரியே இருக்கு.

இந்த எபிசோடுக்குக் காரணம் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த ஒரு மெயில். விருத்தாசலம் பக்கம் தெரிஞ்சவங்களுக்கு அங்க பீங்கான் தொழில் எவ்வளவு பழக்கமானதுன்னு தெரியும். மெயில் அனுப்பினவர் செராமிக் டிப்ளமோ கடைசி வருஷம் படிக்கிறார், பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். கப்புக்கு மேல வர்ற கிளேஸ்ல மயிரிழை விரிசல் விழுறதைப் பத்தி ப்ராஜெக்ட். அதை காலேஜ்ல காட்டுறதோட முடியல, ஒரு சூளை யூனிட் ஓனர் முன்னாடியும் பேசணும். அவர் கேட்டது: "அண்ணா, என் டெக் நல்லா இருக்கா இல்லையான்னு நானே பார்த்துக்கிற மாதிரி ஒரு ரூப்ரிக் கொடுங்க. கைடு 'நல்லா இருக்கு, டெக்ஸ்ட் மட்டும் குறைச்சுக்கோ'ன்னு சொல்றார். எதைக் குறைக்கிறதுன்னு தெரியல."

ரூப்ரிக்னா மார்க் போடுற அளவுகோல். எதைப் பார்க்கணும், எப்படி இருந்தா எத்தனை மார்க்னு முன்னாடியே எழுதி வச்சுக்கிறது. ஸ்லைடுக்கு வழக்கமா நாலு வரிசை இருக்கும்: ஒரு ஸ்லைடுக்கு ஒரு செய்தி, காட்சித் தெளிவு, எழுத்துச் சுமை, ஓட்டம். நாலுக்கும் மார்க் போட்டுக் கூட்டுனா ஒரு டோட்டல் வரும். இந்தக் கூட்டல்ல எனக்கு ஒரு சண்டை இருக்கு. "டெக்ஸ்ட் மட்டும் குறைச்சுக்கோ"ங்கிற அறிவுரையோடயும் இருக்கு. ரெண்டையும் புரிஞ்சுக்க உலகத்துலேயே அதிகமா அலசப்பட்ட ஸ்லைடுகள்ல ஒண்ணைப் பார்ப்போம். அதுவும் பீங்கான் பத்தினதுதான், நம்பலாம்.

கொலம்பியா ஸ்லைடு

2003 ஜனவரி 16. கொலம்பியா விண்கலம் கிளம்புது. உள்ளே 7 பேர், அதுல ஒருத்தர் ஹரியானா கர்னால்ல பிறந்த கல்பனா சாவ்லா. கிளம்பி 82 விநாடி ஆனப்போ, வெளிப்புற எரிபொருள் டேங்க்ல இருந்து ஒரு ஃபோம் துண்டு பிய்ஞ்சு இடது இறக்கையில மோதுச்சு. மோதினது வீடியோவுல தெரிஞ்சுது. எவ்வளவு சேதம்னு தெரியல.

விண்கலத்தோட அடிப்பகுதி முழுக்க செராமிக் டைல். மணல்ல இருக்கிற அதே சிலிக்காவை இழையாக்கி, பெரும்பகுதி காத்தாவே இருக்கிற மாதிரி லேசா செஞ்ச டைல். மேல கருப்பா ஒரு கண்ணாடிப் பூச்சு, கிட்டத்தட்ட நம்ம கிளேஸ் மாதிரி. ஃபோம் இந்தப் பூச்சைத் துளைச்சுதா, துளைச்சா எவ்வளவு ஆழம் போகும்னு போயிங் இன்ஜினியர்கள் கணக்குப் போட்டாங்க. அதுக்கு 'கிரேட்டர்'னு ஒரு கணிப்பு மாடல் இருந்தது. அதோட முடிவுகளை ஜனவரி 24 அன்னிக்கு நாசா ஆட்களுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினாங்க. அதோட சுருக்கம் அன்னிக்கே வாய்மொழியா மேல இருந்தவங்களுக்குப் போச்சு.

அதுல ஒரு ஸ்லைடுதான் பிற்பாடு விசாரணைக் குழு அறிக்கையில இடம்பிடிச்சது. தகவல் வடிவமைப்பு பத்தி எழுதுற எட்வர்ட் டஃப்டி அதை வரி வரியா அலசினார். நான் ஸ்லைடோட வாசகத்தைத் தமிழ்ல சாரமா சொல்றேன். டைட்டில் சொல்றது: டெஸ்ட் டேட்டாவைப் பார்த்தா, டைல் துளைக்கிறது பத்தின நம்ம கணிப்பு எச்சரிக்கையான பக்கம்தான் சாஞ்சிருக்கு. அதாவது மாடல் சேதத்தைக் கூட்டித்தான் காட்டுது, நிஜத்துல குறைவாத்தான் இருக்கும்ங்கிற தொனி. டைட்டில் மட்டும் படிச்சவர் பெருமூச்சு விட்டுடுவார்.

கீழே வாங்க. மாடல் அதிகமா கணிச்சுது. வேகத்தைப் பொறுத்து மாறும். மெத்து மெத்துனு இருக்கிற ஃபோம் கெட்டியான பூச்சைத் துளைக்க நிறைய சக்தி வேணும். ஆனா போதுமான எடையும் வேகமும் இருந்தா துளைக்க முடியும்னு டெஸ்ட்ல தெரியுது. ஒருதரம் துளைச்சிட்டா சேதம் பெருசா இருக்கலாம். கடைசியா, எழுத்து சின்னதாகிக்கிட்டே வந்த பிறகு: பறக்கும்போது நடந்தது நம்ம டெஸ்ட் எல்லைக்கு ரொம்ப வெளியே. அதுக்கும் கீழே ஒரு துணை புல்லட்: மோதின துண்டு 1920 கன அங்குலம், டெஸ்ட் பண்ணது 3 கன அங்குலம்.

இந்த ரெண்டு எண்ணையும் கொஞ்சம் கையில எடுத்துப் பாருங்க. 3 கன அங்குலம்னா சுமார் 50 மில்லி, அரை டீ கிளாஸ். 1920 கன அங்குலம்னா 31 லிட்டருக்கு மேல, வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் வாட்டர் கேன் ஒன்றரை. 640 மடங்கு. அரை டீ கிளாஸ் அளவு ஃபோமை வச்சுப் பார்த்த டெஸ்டை நம்பி, ஒன்றரை வாட்டர் கேன் அளவு ஃபோம் மோதினதைப் பத்திப் பேசிட்டு இருக்காங்க. அந்த ஸ்லைடுல சொல்ல வேண்டிய ஒரே விஷயம் இதுதான். அது கடைசி புல்லட்டா போயிருக்கு.

பிப்ரவரி 1 அன்னிக்கு பூமிக்குத் திரும்பும்போது கொலம்பியா உடைஞ்சு சிதறினது. 7 பேரும் இறந்தாங்க.

இங்க ஒரு நேர்மையான குறிப்பு. உயிரைக் குடிச்ச ஓட்டை டைல்ல விழல, இறக்கையோட முன்விளிம்புல இருந்த கார்பன் பேனல்ல விழுந்தது. அதே வருஷம் ஜூலையில டெக்சாஸ்ல அதே மாதிரி பேனல் மேல ஃபோமைச் சுட்டுப் பார்த்தப்போ ஒரு அடிக்கு மேல அகலமான ஓட்டை விழுந்துச்சு. சுற்றுப்பாதையில இருந்தப்பவே விண்கலத்தைப் படம் எடுத்துப் பார்க்கலாம்னு இன்ஜினியர்கள் கேட்டதும் நிறைவேறல. அதனால 'ஒரு ஸ்லைடு விண்கலத்தை விழ வச்சிருச்சு'ன்னு யாராவது சொன்னா அது மிகை. ஆனா மேலதிகாரி ஒருத்தர் இந்த ஸ்லைடைப் படிச்சிட்டு, இது உயிர் போற விஷயம்னு புரிஞ்சுக்காம போக முடியும்னு விசாரணைக் குழுவே எழுதுச்சு. நமக்கு அது போதும்.

இதுக்கு மார்க் போட்டா?

நம்ம நாலு வரிசையை இந்த ஸ்லைடு மேல வச்சுப் பார்ப்போம். ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2. மூணுக்கு மேல நிலை வச்சா ரெண்டு பேர் ஒரே மார்க் போட மாட்டாங்க.

எழுத்துச் சுமையில ஆரம்பிக்கிறேன், ஏன்னா எல்லாரும் முதல்ல திட்டுறது அதைத்தான். டைட்டிலோட சேர்த்து 11 வரி, நூறு வார்த்தைக்கு மேல, உள்ளே உள்ளே போற புல்லட் அடுக்குகள். 'முக்கியமான அளவு'ங்கிற அர்த்தத்துல வர்ற ஒரே ஆங்கில வார்த்தை அஞ்சு தடவை வருது, அஞ்சுக்கும் அஞ்சு அர்த்தம். சந்தேகமே இல்லாம 0.

இப்ப நம்ம லிஸனரோட கைடு சொன்னதைச் செய்வோம். "டெக்ஸ்ட் குறை." பாதியா வெட்டணும்னா எதை வெட்டுவீங்க? பெரும்பாலும் ரொம்ப உள்ளே தள்ளி இருக்கிற, சின்ன எழுத்துல இருக்கிற, கடைசியில இருக்கிற புல்லட்டை. அந்த 1920 கன அங்குலம்தான் முதல்ல போகும். டைட்டில் பெருசா நிக்கும், கீழே நாலு ஆறுதலான வரி இருக்கும், ஸ்லைடு அழகாயிடும். எழுத்துச் சுமைக்கு 2 மார்க், காட்சித் தெளிவும் ஏறிடும், கூட்டுனா நல்ல டோட்டல். முன்னைவிட ஆபத்தான ஸ்லைடு, முன்னைவிட நல்ல மார்க் வாங்கிடும்.

அதனாலதான் நாலையும் கூட்டக் கூடாதுன்னு சொல்றேன். 'ஒரு செய்தி' வரிசை ஒரு கேட் மாதிரி. அதுல 0 வந்தா மத்த மூணுக்கும் மார்க்கே போடாதீங்க, ஸ்லைடைத் திருப்பிக் கொடுத்துடுங்க. கோட் எழுதுறவங்களுக்குப் புரியும்: கம்பைலே ஆகாத ப்ரோக்ராமுக்கு இன்டென்டேஷன் மார்க் போட மாட்டோம்.

செய்தி வரிசையை இப்படி எழுதி வச்சிருக்கேன். டைட்டில் வெறும் தலைப்பா இருந்தாலோ ('ரிசல்ட்ஸ்', 'மெத்தடாலஜி'), இல்ல டைட்டில் ஒண்ணு சொல்லி உடம்பு வேற ஒண்ணு சொன்னாலோ 0. டைட்டில் முழு வாக்கியம், ஆனா கீழே அதோட சம்பந்தமில்லாத இன்னொரு செய்தியும் குடியிருக்குன்னா 1. டைட்டில் முழு வாக்கியம், கீழே இருக்கிற எல்லாமே அதுக்கு ஆதாரம்னா 2. டைட்டில்ல முழு வாக்கியம், கீழே காட்சி ஆதாரம்ங்கிற இந்த முறையை மைக்கேல் ஆலி ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றார், என் கண்டுபிடிப்பு இல்ல.

சோதிக்கிறது சுலபம். டைட்டிலைக் கையால மறைச்சிட்டு, கீழே இருக்கிறதை மட்டும் ஒருத்தர்கிட்ட காட்டி "இதுக்கு ஒரு டைட்டில் வை"ன்னு சொல்லுங்க. அவர் வைக்கிறதும் உங்க டைட்டிலும் ஒரே திசையில இருக்கணும். கொலம்பியா ஸ்லைடோட உடம்பைப் படிச்ச ஒருத்தர் 'நம்ம டெஸ்ட் இதுக்குப் பொருந்தாது'ன்னுதான் டைட்டில் வைப்பார். டைட்டிலுக்கு நேர் எதிர். 0, கேட் மூடியாச்சு.

கருவேப்பிலங்குறிச்சி டெக்

இப்ப நம்ம லிஸனரோட டெக். எண்களை மாத்திச் சொல்றேன், வடிவம் அப்படியே இருக்கு. மொத்தம் 6 ஸ்லைடு. நாலாவதோட டைட்டில் 'ரிசல்ட்ஸ்'. கீழே 8 புல்லட், ஒரு டேபிள், மூலையில ஒரு கப்போட மங்கலான போட்டோ.

விஷயம் என்னன்னா, சூளையிலிருந்து வெளிய வந்து ஆறும்போது கிளேஸும் சுருங்கும், உள்ளே இருக்கிற மண் உடம்பும் சுருங்கும். கிளேஸ் கூடுதலா சுருங்கினா, சின்னதா போன சட்டையை இழுத்து மாட்டின மாதிரி அது விறைச்சு நின்னு மயிரிழையா விரியும். கிளேஸ்ல சிலிக்காவைக் கூட்டினா சுருக்கம் குறையும். இவர் இப்ப புழக்கத்துல இருக்கிற கிளேஸ் ஏ-யையும், சிலிக்கா கூட்டின பி, சி ரெண்டையும் ஒவ்வொண்ணுக்கும் 20 துண்டுன்னு சுட்டு, சூடாக்கித் தண்ணியில போட்டுப் பார்த்திருக்கார். ஏ-யில 13 விரிசல், பி-யில 6, சி-யில 1. நல்ல ரிசல்ட்.

எட்டாவது புல்லட்டைப் படிச்சதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'டெஸ்ட் செய்யப்பட்டவை தட்டையான சிறு துண்டுகள் மட்டும்.' கடைசி புல்லட், அதே இடம்.

இது சும்மா அடிக்குறிப்பு இல்ல. தட்டையான துண்டுல கிளேஸ் ஒரே தடிமனா உட்காரும். கப்புல அடி வளைவுலயும் கைப்பிடி ஒட்டுற இடத்துலயும் தேங்கித் தடிமனாகும், தடிமனான இடத்துல விரிசல் சீக்கிரம் வரும். ஓனர் 'சி நல்லது'ங்கிறதை மட்டும் கேட்டுட்டு ஒரு முழு லோடுக்கும் சி-யை அடிச்சு, கப் எல்லாம் விரிசலோட வெளிய வந்தா நஷ்டம் அவருக்கு. கூடவே, அந்தப் பையன் சொல்றதை இனி அந்தத் தெருவுல யாரும் கேட்க மாட்டாங்க.

நாங்க போன்ல உட்கார்ந்து இந்த ஒரு ஸ்லைடை மூணாப் பிரிச்சோம். முதல்து: 'கிளேஸ் சி-யில் 20 துண்டில் 1 மட்டுமே விரிந்தது, இப்போதைய கிளேஸில் 13.' ரெண்டாவது: 'ஆனால் பார்த்தது தட்டைத் துண்டு, கப் இல்லை.' மூணாவது: 'அதனால் அடுத்த லோடில் 20 கப்புக்கு மட்டும் சி அடித்துப் பார்க்கலாம்.' பழைய ஸ்லைடுல ஓனர் என்ன செய்யணும்னு எங்கேயுமே இல்ல, மூணாவது அதைச் சொல்லிடுது.

அவருக்கு ஒரு தயக்கம் இருந்துச்சு. "அண்ணா, குறையை டைட்டில்லயே போட்டா ப்ராஜெக்ட் வீக்கா தெரியாதா?" நான் சொன்னேன்: "தம்பி, ஓனர் இருபது வருஷமா கப் சுடுறவர். தட்டைத் துண்டு வேற, கப் வேறன்னு அவருக்கு உன்னைவிட நல்லா தெரியும். அவரா கண்டுபிடிச்சுக் கேட்கிறதைவிட நீயே சொல்லிட்டா, முதல் ஸ்லைடை அவர் நம்புவார்."

மத்த மூணு வரிசை

கேட் தாண்டினதும் ஓட்டம். டைட்டில்களை மட்டும் வரிசையா ஒரு பேப்பர்ல எழுதுங்க. ஒவ்வொரு ரெண்டுக்கும் நடுவுல 'ஆனா', 'அதனால', 'ஏன்னா', இந்த மாதிரி ஏதாவது ஒரு சொல் பொருந்தணும். 'அப்புறம்' மட்டும்தான் பொருந்துதுன்னா அங்க ஓட்டம் அறுந்திருக்கு. எல்லா இணைப்பும் அப்புறம்னா 0, ஒண்ணு ரெண்டு அப்படின்னா 1, எதுவும் இல்லன்னா 2. மேல சொன்ன மூணு டைட்டிலையும் பாருங்க, 'ஆனா'வும் 'அதனால'வும் தானா வந்து உட்கார்ந்திருக்கு. இந்த வரிசைக்கு மட்டும் டெக் முழுசுக்கும் சேர்த்து ஒரே மார்க், ஸ்லைடு ஸ்லைடா போட முடியாது.

காட்சித் தெளிவுல அந்த மங்கலான போட்டோ. மயிரிழை விரிசல் கேமராவுல விழாது. விரிசல் தெரியணும்னா மை தடவித் துடைக்கிறது பழைய வழி, கோட்டுக்குள்ள மை இறங்கிடும். அப்படிச் செஞ்சு ஏ, சி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே வெளிச்சத்துல எடுக்கச் சொன்னேன். பழைய போட்டோ 'கப்' என்கிறதை மட்டும் காட்டுச்சு, புதுசு 'விரிசல்' என்கிறதைக் காட்டுது. ப்ரொஜெக்டர்ல போட்டுக் கடைசி பெஞ்சுல உட்கார்ந்து பாருங்க: பார்க்க வேண்டியது மூணு விநாடியில கண்ணுல பட்டா 2, தேடினா கிடைக்கும்னா 1, சொன்னாத்தான் தெரியும்னா 0. தமிழ்ல ஸ்லைடு போடுறவங்க கூடுதலா புள்ளியைப் பாருங்க. எழுத்து சின்னதானா முதல்ல காணாமப் போறது மெய்யெழுத்து மேல இருக்கிற புள்ளிதான்.

இதுல ஒரு பொறி இருக்கு. கொலம்பியா எண்களை ரெண்டு பெட்டியா, சரியான அளவுல வரையறோம்னு வைங்க. 3 கன அங்குலப் பெட்டியோட ஒரு பக்கம் 3.7 சென்டிமீட்டர், 1920-ஓட பக்கம் 31.6 சென்டிமீட்டர். கணக்கு சரி, ஆனா கண்ணு பக்கத்தைத்தான் அளக்கும், எட்டு ஒன்பது மடங்குன்னு நினைச்சுக்கும். 640 எங்கேயோ போயிடும். கன அளவைப் படமா காட்டினா எண்ணை அது மேலயே பெருசா எழுதுங்க. எண்ணை எழுதும்போது ஒரே யூனிட்டை ஒரே மாதிரி எழுதுங்க. அந்த ஸ்லைடுல கன அங்குலத்தையே மூணு விதமா எழுதியிருந்தாங்க.

எழுத்துச் சுமையைக் கடைசியா வச்சது வேணும்னேதான். மேல மூணும் சரியானா பாதிச் சுமை தானா இறங்கிடும். 'ஆறு வரி, வரிக்கு ஆறு வார்த்தை' மாதிரி ஆங்கில விதிகள் தமிழுக்கு ஒத்து வராது. 'சுட்டுப்பார்க்கவில்லை'ங்கிறது நமக்கு ஒரு வார்த்தை, எண்ணிக்கையில ஏமாத்திடும். அதனால நான் நேரத்தை வச்சுக்கிறேன். ஸ்லைடைப் போட்டுட்டு நீங்க வாயை மூடிக்கோங்க. எதிர்ல இருக்கிறவர் படிச்சு முடிச்சதும் கை தூக்கட்டும். 6 விநாடிக்குள்ளன்னா 2, 12-க்குள்ளன்னா 1, அதுக்கு மேலன்னா 0. இந்த எண்கள் என் பழக்கத்துல வந்தது, உங்க சபைக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கோங்க. அந்த 'ரிசல்ட்ஸ்' ஸ்லைடுக்கு அவரோட ரூம்மேட் 40 விநாடி எடுத்துக்கிட்டார். புது மூணு ஸ்லைடுல எதுவும் 6-ஐத் தாண்டல.

மார்க் போடும்போது ரெண்டு பேர் தனித்தனியா போடுங்க, பார்த்துப் போடாதீங்க. ஒரே ஸ்லைடுக்கு ஒருத்தர் 0, இன்னொருத்தர் 2 போட்டிருந்தா, ஸ்லைடைத் திருத்துறதுக்கு முன்னாடி ரூப்ரிக்ல அந்த வரியைத் திருத்துங்க. 'தெளிவா இருக்கு' மாதிரி ஆளாளுக்கு அர்த்தம் மாறுற வார்த்தை ஏதாவது உள்ளே நுழைஞ்சிருக்கும். அப்புறம், ஸ்லைடுல இருக்கிற எண் உண்மையா பொய்யான்னு இந்த ரூப்ரிக் பார்க்காது. 20-ல 1 சரியான எண்ணான்னு தெரிஞ்சுக்க, துண்டுகளைத்தான் எண்ணணும்.

மெயில்ல கடைசியா ஒரு கேள்வி இருந்தது: "ஓனர் டெக்கை வாட்ஸப்ல அனுப்பச் சொல்றார். நான் பக்கத்துல இருக்க மாட்டேன். அப்பவும் இதே ரூப்ரிக்கா?" செய்தியும் ஓட்டமும் அதேதான். எழுத்துச் சுமையோட 6 விநாடிக் கணக்கு மட்டும் பேசிக் காட்டுற ஸ்லைடுக்கு உள்ளது, படிக்க அனுப்புறதுக்குப் பொருந்தாது. அதனால ஸ்லைடை அப்படியே வச்சுக்கிட்டு, தனியா ஒரு பக்கத்துக்குப் பத்தி பத்தியா எழுதி அனுப்பச் சொன்னேன். எந்த மண், கிளேஸ்ல என்னென்ன எவ்வளவு, எந்தச் சூட்டுல சுட்டது, எத்தனை தடவை தண்ணியில போட்டது, எல்லாம் அதுல. ரெண்டாவது பத்தியோட முதல் வரி: 'இது தட்டைத் துண்டில் மட்டும் பார்த்தது.'